மூன்று அடிவரிக் கணக்கு: புகையும் காயமும் அறிக்கையில் எண்ணாகும் விதம்

ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கில் கடைசி வரியில் நிற்பது லாபம் அல்லது நட்டம். வரவிலிருந்து கூலி, மூலப்பொருள் செலவு, வட்டி, தேய்மானம், வரி எல்லாவற்றையும் கழித்த பின் மிஞ்சும் அந்த எண்ணை அடிவரி என்று இங்கே குறிப்பிடலாம். லாபம் ஈட்டும் அதே ஆண்டில் அந்த நிறுவனம் எவ்வளவு புகையைக் காற்றில் கலந்தது, எத்தனை தொழிலாளர்கள் காயமடைந்தார்கள் என்பவை அந்த வரியில் தெரியமாட்டா. 1994ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் எல்கிங்டன் இதற்கு ‘டிரிபிள் பாட்டம் லைன்’ என்ற கருத்தை முன்வைத்தார். பொருளாதாரம், சமூகம், சுற்றுச்சூழல் என்ற மூன்றுக்கும் தனித்தனி அடிவரி எழுதிப் பார்த்தால்தான் ஒரு நிறுவனத்தின் உண்மையான நிலை விளங்கும் என்பது அதன் சாரம்.

முதல் அடிவரிக்குப் பல நூற்றாண்டுகளாகப் பழகிய கணக்கியல் இருக்கிறது. எல்லாமே பணம் என்ற ஒரே அலகில் இருப்பதால் கூட்டவும் கழிக்கவும் முடிகிறது. மற்ற இரண்டுக்கும் அப்படிப்பட்ட கணக்கியலைப் புதிதாகக் கட்டவேண்டியிருந்தது. 1989இல் அலாஸ்கா கடற்பகுதியில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டிய விபத்துக்குப் பின் எழுந்த கேள்விகளின் தொடர்ச்சியாக, நிறுவனங்கள் தம் சுற்றுச்சூழல், சமூகப் பாதிப்புகளை அறிக்கையாக எழுதுவதற்கு நெறிகள் வகுக்கும் ஜி.ஆர்.ஐ. என்ற அமைப்பு 1997இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் அதன் முதல் வழிகாட்டி நெறிகள் வெளியாயின. பசுங்குடில் வாயுக்களைக் கணக்கிடுவதற்கென்று ஜி.எச்.ஜி. புரோட்டோகால் என்ற நெறிமுறை 2001இல் வந்தது. இன்று நிறுவனங்கள் வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கைகளில் காணப்படும் எண்களில் பெரும்பகுதி ஏதோ ஒரு வகையில் இவ்விரண்டின் வழிவந்தவை.

அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் அறிக்கையைப் படிப்பது எளிதாகிவிடும். அதற்காகத் துணிக்குச் சாயமேற்றும் ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே கொதிகலனும் ஜெனரேட்டரும் டீசலில் ஓடுகின்றன, இயந்திரங்களுக்கு மின்வாரிய இணைப்பிலிருந்து மின்சாரம் வருகிறது, குளிரூட்டிகள் இருக்கின்றன, துணியை வெளியிலிருந்து வாங்குகிறார்கள். கீழே வரும் தொழிற்சாலை எண்கள் எல்லாம் இந்த எடுத்துக்காட்டுக்காக எடுத்துக்கொண்டவை.

புகையை யாரும் நேரடியாக அளப்பதில்லை

புதிதாகப் படிப்பவர்கள் பலர் புகைபோக்கியின் வாயில் ஒரு கருவி இருந்து கரியமில வாயுவை அளக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். பெரிய மின்நிலையங்கள் சிலவற்றில் அப்படிப்பட்ட கருவிகள் உண்டு என்றாலும், பெரும்பாலான நிறுவனங்களில் உமிழ்வு என்பது ஒரு பெருக்கல் கணக்கின் விடை. எரித்த எரிபொருளின் அளவை உமிழ்வுக் காரணி என்ற எண்ணால் பெருக்குவதே அந்தக் கணக்கு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு உண்டாகும். ஒரு கிலோ எடைகூட இல்லாத ஒரு லிட்டர் டீசலிலிருந்து இவ்வளவு எப்படி வரும் என்று ஐயம் எழலாம். எரியும்போது டீசலிலுள்ள கார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு சேர்வதால் எடை கூடுகிறது. நம் தொழிற்சாலை ஆண்டுக்கு 4 லட்சம் லிட்டர் டீசல் வாங்கி எரித்தது என்றால், டீசல் பில்களைக் கூட்டிப் பெருக்கினால் 1,080 டன் கிடைக்கிறது.

அடுத்தது குளிரூட்டிகளிலிருந்து கசியும் வாயு. கசிவை யாரும் கண்ணால் காண்பதில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் மெக்கானிக் வந்து மீண்டும் நிரப்பிய வாயுவின் எடை பராமரிப்பு ரசீதுகளில் இருக்கும், அதுவே கசிந்த அளவு என்று கொள்ளப்படுகிறது. ஆர்-134ஏ என்ற வாயு 30 கிலோ நிரப்பப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கையின்படி நூறாண்டுக் காலத்தை எடுத்துக்கொண்டால் இந்த வாயு ஒரு கிலோ, கரியமில வாயு 1,300 கிலோவுக்குச் சமமாகப் புவியை வெப்பமாக்கும். ஆகவே இரண்டு மூன்று சிலிண்டர்களில் அடங்கிவிடும் அந்த 30 கிலோ, கணக்கில் 39 டன்னாக ஏறுகிறது. நிறுவனத்தின் சொந்த எல்லைக்குள் நேரடியாக வெளியாகும் இவற்றை ஸ்கோப் 1 என்பார்கள். நம் தொழிற்சாலைக்கு அது 1,119 டன்.

மின்சாரம் வேறு வகை. தொழிற்சாலைக்குள் புகை வருவதில்லை, எங்கோ ஒரு மின்நிலையத்தில் வருகிறது. இதை ஸ்கோப் 2 என்று தனியே எழுதுகிறார்கள். மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ உமிழ்வு என்று எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 50 லட்சம் யூனிட் பயன்படுத்தும் நம் தொழிற்சாலைக்கு 3,500 டன் வருகிறது. ஸ்கோப் 1, ஸ்கோப் 2 இரண்டையும் கூட்டினால் 4,619 டன்.

இந்த இடத்தில்தான் கணக்கு இரண்டாகக் கிளைக்கிறது. ஜி.எச்.ஜி. புரோட்டோகாலில் 2015இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டி நெறி, மின்சார உமிழ்வை இரண்டு விதமாகக் காட்டச் சொல்கிறது. நிறுவனம் இருக்கும் பகுதியின் மின்கட்டமைப்புச் சராசரியை வைத்துக் கணக்கிடுவது இட அடிப்படை முறை. மேலே கண்ட 3,500 டன் அதன் விடை. நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தங்களையும், காற்றாலை போன்ற நிலையங்கள் தாம் உண்டாக்கிய மின்சாரத்துக்கு ஈடாக விற்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்களை வாங்கியதையும் வைத்துக் கணக்கிடுவது சந்தை அடிப்படை முறை. நம் தொழிற்சாலை 40 லட்சம் யூனிட்டுக்கான சான்றிதழ்களை வாங்கிவிட்டால், மீதி 10 லட்சம் யூனிட்டுக்கு மட்டும் அதே காரணியை வைத்து 700 டன் என்று எழுதலாம். மொத்த உமிழ்வு 4,619 டன்னிலிருந்து 1,819 டன்னாக இறங்கிவிடுகிறது. மின்மீட்டரில் ஒரு யூனிட்கூடக் குறையவில்லை, தொழிற்சாலைக்கு வரும் கம்பியும் அதே கம்பிதான்.

இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. சான்றிதழ்களுக்குக் கொடுத்த பணத்தால் புதிதாக ஒரு காற்றாலை எழுந்திருந்தால் அது மெய்யான மாற்றமே. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டிமுடிக்கப்பட்டு, சான்றிதழ் விற்காவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கக்கூடிய ஒரு நிலையத்திலிருந்து மலிவாக வாங்கிய சான்றிதழாக இருந்தால், இறங்கியது காகிதத்தில் உள்ள எண் மட்டுமே. அறிக்கையின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் சதவீதத்தைப் பார்த்தவுடன் பின்னிணைப்பு அட்டவணைக்குப் போய் இட அடிப்படை எண் எப்படி நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே நான் முதலில் செய்யச் சொல்லும் வேலை. ஒன்று வேகமாக இறங்கி மற்றொன்று அசையாமல் இருந்தால், குறைந்தது மின்நுகர்வு அன்று என்பது தெளிவாகிவிடும்.

கவனிக்கவேண்டிய மற்றொன்று வகுக்கும் எண். சென்ற ஆண்டில் நம் தொழிற்சாலை 2,500 டன் துணிக்குச் சாயமேற்றி 4,200 டன் உமிழ்ந்தது. இந்த ஆண்டில் 3,000 டன் துணிக்கு 4,619 டன் உமிழ்ந்தது என்று கொள்வோம். ஒரு டன் துணிக்கான உமிழ்வு 1.68 டன்னிலிருந்து 1.54 டன்னாக, அதாவது 8 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. மொத்த உமிழ்வோ ஏறத்தாழ 10 சதவீதம் கூடியிருக்கிறது. தொழிற்சாலை திறமையாக நடக்கிறதா என்று கேட்பவருக்கு முதல் எண் பயன்படும். வளிமண்டலத்துக்கு இரண்டாவது எண் மட்டுமே பொருட்டு. இரண்டும் சரியான எண்கள்தான் என்பதால், ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விட்டுவிடும் அறிக்கையில் பொய் எதையும் கண்டுபிடிக்க இயலாது.

ஸ்கோப் 3 என்பது நிறுவனத்தின் எல்லைக்கு வெளியே, வாங்கும் பொருளிலும் விற்ற பொருளின் பயன்பாட்டிலும் நிகழும் எல்லாம். இதைப் பதினைந்து வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம் தொழிற்சாலை 3,200 டன் துணி வாங்குகிறது. ஒரு டன் துணியை உருவாக்க 5 டன் உமிழ்வு என்று ஒரு தரவுத்தளம் கூறுவதாகக் கொண்டால், இந்த ஒரு வகை மட்டுமே 16,000 டன், அதாவது சொந்த உமிழ்வைப் போல மூன்று மடங்குக்கு மேல். எடை தெரியாத பொருள்களுக்குச் செலவிட்ட பணத்தை வைத்து, இத்தனை ரூபாய்க்கு இத்தனை கிலோ என்று கணக்கிடும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்யும்போது விலை 20 சதவீதம் ஏறினால், ஒரு மீட்டர் துணிகூடக் கூடுதலாக வாங்காமலே உமிழ்வு 20 சதவீதம் ஏறிவிடும். விலை இறங்கினால், யாரும் எதுவும் செய்யாமலே சாதனை என்று எழுதலாம். ஸ்கோப் 3 எண்ணுக்கு அருகே அது எடையை வைத்து வந்ததா, பணத்தை வைத்து வந்ததா என்ற குறிப்பு இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதில் பயனில்லை.

கொதிகலன் பகுதியை ஓர் ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டு அவரிடமிருந்து நீராவியை வாங்கத் தொடங்கினால் என்ன ஆகும்? டீசல் புகை அதே புகைபோக்கியிலிருந்து வந்துகொண்டிருக்கும்போதே ஸ்கோப் 1 சரிந்துவிடும். இதற்காகத்தான் இப்படிப்பட்ட பெரிய மாற்றம் நிகழும்போது, அந்தப் புகை வேறு எந்த ஸ்கோப்பிலும் கணக்கில் வராமல் போகுமானால், ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் அடிப்படை ஆண்டின் எண்ணையும் திருத்தி எழுதவேண்டும் என்று ஜி.எச்.ஜி. புரோட்டோகால் விதிக்கிறது. நீராவியாக வாங்கினால் அது ஸ்கோப் 2இல் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே ஸ்கோப் 1 மட்டும் தனியே பெருமையாகச் சொல்லப்பட்டால் பக்கத்து வரியையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லலாம். கரியமில வாயு எங்கே வெளியானாலும் விளைவு ஒன்றுதான், தண்ணீர் அப்படியன்று. வற்றிப்போகும் நிலத்தடியிலிருந்து எடுத்த ஒரு லட்சம் லிட்டரும் நிறைந்து ஓடும் ஆற்றிலிருந்து எடுத்த ஒரு லட்சம் லிட்டரும் ஒரே எண்ணாகக் கூட்டப்பட்டால் அந்தக் கூட்டுத்தொகைக்குப் பொருள் குறைவு. நீர்த்தட்டுப்பாடுள்ள பகுதிகளில் எடுத்ததைத் தனியே காட்டுமாறு ஜி.ஆர்.ஐ. கேட்பது இதனால்தான்.

காயங்களை எண்ணுவது

சமூக அடிவரியில் கூலி, பயிற்சி, ஆண் பெண் விகிதம், உள்ளூர் மக்களின் குறைகள் என்று பலவும் வரும். அவற்றில் மிகவும் திட்டவட்டமானது போலத் தோன்றுவது பணியிடக் காயங்களின் வீதம். இதற்கான வாய்ப்பாடு எளிது: ஆண்டில் நேர்ந்த காயங்களை மொத்தம் வேலைசெய்த மணிநேரத்தால் வகுத்து, 10 லட்சம் மணிநேரத்துக்கு எத்தனை என்று சொல்வது. சிலர் 10 லட்சத்துக்குப் பதிலாக 2 லட்சம் மணிநேரத்தை எடுத்துக்கொள்வார்கள். அது நூறு பேர் ஓராண்டு முழுநேரம் உழைப்பதற்கு ஏறத்தாழச் சமம். இரண்டையும் ஜி.ஆர்.ஐ. ஏற்கிறது. ஆனால் 10 லட்சத்துக்கு 7.5 என்பதும் 2 லட்சத்துக்கு 1.5 என்பதும் ஒன்றே என்பதால், எந்த அளவுகோல் என்று பார்க்காமல் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டால் ஐந்து மடங்கு தவறு நேரும்.

நம் தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளர்கள் 600 பேர், ஒப்பந்தத் தொழிலாளர்கள் 400 பேர், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,400 மணிநேரம் வேலை செய்கிறார்கள் என்று கொள்வோம். நிரந்தரத் தொழிலாளர்களில் 6 பேருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் 12 பேருக்கும் காயம் நேர்ந்தது. நிரந்தரத் தொழிலாளர்களின் 14 லட்சத்து 40 ஆயிரம் மணிநேரத்துக்கு வீதம் 4.2, ஒப்பந்தத் தொழிலாளர்களின் 9 லட்சத்து 60 ஆயிரம் மணிநேரத்துக்கு 12.5, எல்லோரையும் சேர்த்தால் 7.5. ‘எங்கள் ஊழியர்களின் காயவீதம் 4.2’ என்று அறிக்கை எழுதினால் அந்த வாக்கியத்தில் பிழை கிடையாது. கொதிகலன் அறையைச் சுத்தம் செய்வதும், சாய மூட்டைகளை ஏற்றி இறக்குவதும், உயரத்தில் ஏறிப் பழுதுபார்ப்பதும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் வேலையாக இருக்கும்போது, ஆபத்தான வேலைகள் வாக்கியத்துக்கு வெளியே போய்விடுகின்றன. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள வேலையைச் செய்பவர்கள் யார் சம்பளப் பட்டியலில் இருந்தாலும் அவர்களுக்கும் தனியே எண் தரவேண்டும் என்பது ஜி.ஆர்.ஐ.யின் விதி.

எதைக் காயம் என்று சொல்வது என்பதிலும் இடைவெளி உண்டு. வேலைநாள் இழப்பு நேர்ந்த காயங்களை மட்டும் எண்ணும் வழக்கம் பரவலாக இருக்கிறது. விரல் முறிந்த ஒருவரை மறுநாளே வரவழைத்து, வாசலில் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னால் இழந்த நாள் பூஜ்ஜியம், ஆகவே காயமும் பூஜ்ஜியம். இதைத் தடுக்கும் வகையில் ஜி.ஆர்.ஐ.யின் 403ஆம் தரநிலை, முதலுதவிக்கு மேல் சிகிச்சை தேவைப்பட்டவை போன்ற பதிவுக்குரிய காயங்களையும், ஆறு மாதத்துக்குள் பழைய உடல்நிலைக்குத் திரும்ப இயலாத கடுமையான காயங்களையும், உயிரிழப்புகளையும் தனித்தனியாகக் கேட்கிறது.

மறைப்பை வெளியிலிருந்தே ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. பொதுவாக உயிரிழப்பு ஒன்று நேரும் இடத்தில் கடுமையான காயங்கள் சிலவும் சிறு காயங்கள் பலவும் நேர்ந்திருக்கும். ஓர் அறிக்கையில் உயிரிழப்புகள் இரண்டு என்றும் பதிவுக்குரிய காயங்கள் மூன்று என்றும் இருந்தால், மரணத்தை மறைக்க முடியவில்லை, மற்றவை மேலே வந்து சேரவில்லை என்று ஐயப்பட இடமிருக்கிறது. அதேபோல, ஓர் ஆண்டில் சிறு காயங்களின் எண்ணிக்கை சட்டென்று கூடியிருந்தால் அதை உடனே சீர்கேடு என்று முடிவுகட்டக்கூடாது. காயத்தைச் சொன்னால் ஊக்கத்தொகை போய்விடும் என்ற அச்சம் நீங்கி, தொழிலாளர்கள் சொல்லத் தொடங்கியிருக்கலாம். கடுமையான காயங்கள் கூடாமல் சிறியவை மட்டும் கூடியிருந்தால் அதற்கே வாய்ப்பு அதிகம்.

மூன்றையும் கூட்ட முடியுமா

இப்போது நம் கையில் லாபம் இத்தனை ரூபாய், உமிழ்வு 4,619 டன், காயவீதம் 7.5 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. இவற்றைக் கூட்ட வழியில்லை, ஆளுக்கொரு அலகு. எல்லாவற்றையும் பணமாக மாற்றிவிட்டால் கூட்டலாமே என்று எண்ணிய நிறுவனங்களும் உண்டு. காலணியும் விளையாட்டு உடையும் விற்கும் பூமா நிறுவனம் 2010ஆம் ஆண்டுக்கான தன் சுற்றுச்சூழல் பாதிப்பை 2011இல் பணமதிப்பாக வெளியிட்டது: மொத்தம் 14.5 கோடி யூரோ, அதில் அதன் சொந்தச் செயல்பாடுகளின் பங்கு 80 லட்சம் யூரோ மட்டுமே. பாதியை மிஞ்சிய பங்கு தோல், பருத்தி போன்ற மூலப்பொருள்கள் உருவாகும் தொலைதூர நிலையில் இருந்தது. எங்கே கவனம் செலுத்தவேண்டும் என்பதைக் காட்டிய வகையில் அது பயனுள்ள கணக்கு. ஆனால் ஒரு டன் உமிழ்வுக்கு என்ன விலை என்பதைக் கணக்கிடுபவரே தேர்ந்தெடுக்கவேண்டியிருப்பதால், விலையை மாற்றினால் விடையும் மாறும். மனித உயிருக்கும் கைவிரலுக்கும் விலையிட்டு லாபத்தில் கழிப்பதை இந்த முறையை விரும்புபவர்களே தயக்கத்தோடுதான் அணுகுகிறார்கள்.

ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து, 2018இல், எல்கிங்டனே தம் கருத்தைத் திரும்பப் பெற்று மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று எழுதினார். முதலாளித்துவம் செயல்படும் முறையையே கேள்விக்குட்படுத்தத் தாம் முன்வைத்ததை, மூன்று பெட்டிகளை நிரப்பி ஒன்றுக்கு ஒன்று ஈடுகட்டும் கணக்குக் கருவியாக நிறுவனங்கள் குறுக்கிவிட்டன என்பது அவருடைய குறை. லாப அடிவரி குறையும்போது பதவியை இழக்கும் தலைமை அதிகாரிகள், மற்ற இரண்டும் குறையும்போது அப்படி இழப்பதில்லை என்பதைப் பார்த்தால் அவருடைய குறையில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

எதை அறிக்கையில் எழுதுவது, எதை விடுவது என்ற தேர்வுக்கு மெட்டீரியாலிட்டி என்று பெயர். இதில் இரண்டு நோக்குகள் மோதுகின்றன. சாயக்கழிவு ஆற்றையும் அதை நம்பியிருக்கும் மக்களையும் எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்பது ஜி.ஆர்.ஐ.யின் நோக்கு. அந்தக் கழிவு விவகாரம் நிறுவனத்தின் பணவரவையும் முதலீட்டாளர்களின் முடிவையும் எவ்வளவு பாதிக்கும் என்று கேட்பது, முதலீட்டாளர்களுக்கான நிலைத்தன்மைத் தரநிலைகளை வகுக்கும் பன்னாட்டு வாரியமான ஐ.எஸ்.எஸ்.பி. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட இரண்டு தரநிலைகளின் நோக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிக்கைச் சட்டம் இரண்டையும் கேட்கிறது. ஒரே தொழிற்சாலை இரண்டாவது நோக்கில் மட்டும் எழுதினால், அபராதமோ வழக்கோ வாடிக்கையாளர் இழப்போ வருவதற்கு வாய்ப்பில்லாத ஒரு பாதிப்பு, அது ஆற்றங்கரையில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அறிக்கைக்குள் வராமல் போகலாம். எந்தத் தரநிலையின்படி எழுதப்பட்டது என்பதை முதலில் பார்ப்பது இதற்காகவே.

கடைசியாக, அறிக்கையின் பின்பக்கங்களில் தணிக்கையாளரின் உறுதிச் சான்று ஒன்று இருக்கும். நிதிநிலை அறிக்கைக்குத் தரப்படுவது நியாயமான அளவு உறுதி; தணிக்கையாளர் பில்களையும் கட்டுப்பாடுகளையும் விரிவாகச் சோதித்து, கணக்கு சரியாக இருக்கிறது என்று நேர்வாக்கியமாகக் கருத்துச் சொல்வார். நிலைத்தன்மை அறிக்கைகளுக்குப் பெரும்பாலும் தரப்படுவது வரையறுக்கப்பட்ட உறுதி. அதில் சோதனை குறைவு, முடிவும் ‘தவறு இருப்பதாக எங்கள் கவனத்துக்கு எதுவும் வரவில்லை’ என்ற எதிர்மறை வாக்கியமாகவே இருக்கும். சான்று எந்தெந்த எண்களுக்குப் பொருந்தும் என்ற பட்டியலும் அதே பக்கத்தில் உண்டு. நம் தொழிற்சாலையின் சான்றில் 1,119 டன்னும் 3,500 டன்னும் மட்டும் இடம்பெற்று, 16,000 டன்னும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் 12.5 என்ற வீதமும் இல்லாமல் இருந்தால், அவ்விரண்டும் நிறுவனம் தானே சொல்லிக்கொண்டவை, வேறு யாரும் சரிபார்க்காதவை.